பக்கத்துக் கடையின் போர்டு

திருநெல்வேலி நெல்லையப்பர் கோவிலுக்கு எதிரே, கீழ ரத வீதியில், சாயங்காலமானால் அல்வாவுக்காக ஒரு கூட்டம் சேரும். மங்கலான விளக்கு வெளிச்சத்தில் வியாபாரம் நடந்ததால் ஊர்க்காரர்கள் அதை இருட்டுக்கடை என்றார்கள். முதலாளி உட்கார்ந்து யோசித்து வைத்த பெயரல்ல, வாங்கித் தின்றவர்கள் வைத்த பெயர். பளபளக்கும் போர்டு போட்டு வளர்ந்த கடையும் அல்ல. அந்தப் பெயருக்கு முன்னால் 'திருநெல்வேலி' என்ற சொல்லை மட்டும் சேர்த்து, 'திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வா' என்று இன்னொருவர் விற்க ஆரம்பித்தார். வழக்கு திருநெல்வேலியில் தொடங்கி, உயர் நீதிமன்றம் வழியாக உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 2015-இல் தீர்ப்பு வந்தது. வென்றது பழைய கடை.

இந்த வழக்கில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. தன் பெயருக்கும் வணிகச் சின்னப் பதிவு இருக்கிறது என்பது எதிர்த்தரப்பின் வாதம். அரசாங்கமே பதிவு செய்து கொடுத்த பெயரை நான் பயன்படுத்தக் கூடாதா என்ற கேள்வி, கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. யார் முதலில் அந்தப் பெயரில் வியாபாரம் செய்து பெயரெடுத்தாரோ அவருடைய உரிமை, பின்னால் வந்தவரின் பதிவை விட வலுவானது என்றது. 1999-ஆம் ஆண்டின் வணிகச் சின்னங்கள் சட்டத்தில் 27(2) என்ற உட்பிரிவு இதற்கு இடம் கொடுக்கிறது. சட்டத்தில் வேறு என்ன எழுதியிருந்தாலும் 'பாசிங் ஆஃப்' வழக்குப் போடும் உரிமையை அது தொடாது என்பதே அதன் சாரம்.

பாசிங் ஆஃப் என்றால், தன் சரக்கை அடுத்தவர் சரக்கு என்று நம்பவைத்துத் தள்ளிவிடுவது. பதிவே செய்யாத கடைக்காரரும் இந்த வழக்கைப் போடலாம். நம் ஊர்க் கடைவீதிகளில் பாதிப் பேர் பெயரைப் பதிவு செய்திருக்க மாட்டார்கள் என்பதால், அவர்களுக்குக் கையில் இருக்கும் ஆயுதம் பெரும்பாலும் இதுதான். ஆனால் பதிவு இருந்தால் சான்றிதழைக் காட்டினால் போதும் என்கிற இடத்தில், பதிவு இல்லாதவர் மூன்றை நிரூபிக்க வேண்டும். தன் கடைக்கு மக்களிடம் நற்பெயர் இருக்கிறது. புதுக்கடையின் பெயரும் தோற்றமும் அது தன் கடைதான் என்று ஆட்களை நம்பவைக்கின்றன. அதனால் தனக்கு நஷ்டம் வந்தது, அல்லது வரும்.

ஒரு கற்பனைக் கடையை வைத்துப் பார்ப்போம். முப்பது வருடமாக நடக்கும் காபித்தூள் கடை, பெயர் 'கோமதி காபி'. பழுப்பு நிறப் பின்னணி, சாய்வாக எழுதிய மஞ்சள் எழுத்து, வலது ஓரத்தில் ஆவி பறக்கும் டபரா டம்ளர். நாலு கடை தள்ளி ஒரு புதுக்கடை திறக்கிறது. போர்டில் 'ஸ்ரீ கோமதி காபி ஒர்க்ஸ்'. 'ஸ்ரீ' கடுகளவு, 'கோமதி காபி' யானையளவு. அதே பழுப்பு, அதே மஞ்சள், அதே சாய்வு, அதே ஓரத்தில் டம்ளர்.

புதியவர் சொல்லும் பதில் தெரிந்ததே. கோமதி அம்மன் பெயர், யாருக்கும் சொந்தமில்லை. காபிக் கடைக்குப் பழுப்பு போடாமல் பச்சையா போடுவார்கள்? டபரா டம்ளர் இல்லாத காபிக் கடை எங்கே இருக்கிறது? தனித்தனியாக எடுத்தால் ஒவ்வொன்றும் சரி. சாமி பெயர், ஊர்ப் பெயர், சரக்கின் பெயர் ஆகியவற்றை ஒரு கடை தனியாகச் சொந்தம் கொண்டாடுவது கடினம். ஒரு நிறத்தை மட்டும் வைத்துக்கொண்டு வழக்காடுவதும் அப்படியே. நீதிமன்றம் பார்ப்பது இவை எல்லாம் சேர்ந்த மொத்தத் தோற்றத்தை. பெயர், எழுத்தின் சாய்வு, நிறச் சேர்க்கை, படம் நிற்கும் மூலை ஆகிய நான்கும் ஒருங்கே பொருந்தினால், தற்செயல் என்று சொல்லிக்கொண்டிருக்க முடியாது. பற்பசை டப்பாவின் சிவப்பு-வெள்ளைச் சேர்க்கைக்காக கோல்கேட் நிறுவனம் ஆங்கர் மீது தொடுத்த வழக்கில், டெல்லி உயர் நீதிமன்றம் 2003-இல் இப்படி மொத்தத் தோற்றத்தைப் பார்த்துத்தான் தடை கொடுத்தது.

இரண்டு போர்டையும் புகைப்படம் எடுத்து, மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இங்கே ஒரு கோடு கூடுதல், அங்கே ஒரு புள்ளி குறைவு என்று காட்டுவது எதிர்த்தரப்பு வக்கீலுக்குப் பிடித்த வேலை. அது பெரிதாக எடுபடாது. வாடிக்கையாளர் இரண்டு போர்டையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பதில்லை. போன மாதம் வந்த கடை எப்படி இருந்தது என்ற அரைகுறை ஞாபகத்தோடு பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் வருகிறார். அவர் கண் ஏமாறுமா என்பதே கேள்வி. 'அம்ரித்தாரா', 'லக்ஷ்மண்தாரா' என்ற இரு மருந்துப் பெயர்கள் மோதிய வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த அரைகுறை ஞாபகத்தைத்தான் அளவுகோலாக வைத்தது.

கடை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது முக்கியம்தான், ஆனால் எல்லோரும் நினைக்கும் அளவுக்கு இல்லை. அகமதாபாத்தில் 1982 முதல் 'முக்தஜீவன் கலர் லேப்' என்று போட்டோ கடை நடத்திவந்தார் ஒருவர். 'கோகுல் ஸ்டூடியோ' என்று நடத்திவந்தவர்கள் திடீரென்று முக்தஜீவன் என்ற பெயரில் தொழில் செய்யப் புறப்பட்டார்கள். இரண்டு கடைக்கும் இடையே நாலைந்து கிலோமீட்டர் இருக்கிறது என்பதையும் ஒரு காரணமாகச் சொல்லிக் கீழ்நீதிமன்றம் தடை தர மறுத்தது. உயர் நீதிமன்றமும் தலையிடவில்லை. உச்ச நீதிமன்றம் 2001 டிசம்பரில் அதை மாற்றித் தடை கொடுத்தது. ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட வேண்டியதில்லை, நஷ்டம் நடந்து முடியும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை என்று தெளிவாக்கிய தீர்ப்பு அது. ஏற்கெனவே வேறு பெயரில் ஓடிக்கொண்டிருந்தவர் எதற்காகப் பெயரை மாற்றினார் என்று யோசித்தாலே விஷயம் விளங்கிவிடும்.

கோமதி காபிக்காரர் என்ன செய்ய வேண்டும்? முதலில், சண்டைக்குப் போகக் கூடாது. தேதி தெரியும்படி இரண்டு போர்டையும் தெருவோடு சேர்த்துப் படம் எடுக்க வேண்டும். பழைய பில் புத்தகங்கள், கடை உரிமம், ஜி.எஸ்.டி. பதிவு, பழைய நாளிதழ் விளம்பரம், கல்யாணத்துக்குத் தூள் சப்ளை செய்த ரசீது என எத்தனை வருடம் இந்தப் பெயரில் இருக்கிறோம் என்று காட்டும் எந்தத் தாளும் உதவும். அதைவிடக் கனமானது குழப்பத்துக்கான சான்று. புதுக்கடையில் வாங்கிய தூளை இங்கே கொண்டுவந்து, "என்ன அண்ணாச்சி, இந்தத் தடவை புளிக்குதே?" என்று கேட்ட வாடிக்கையாளர், மாறிப்போய் வந்த பார்சல், தவறுதலாக இவர் கடைக்கு வந்த புதுக்கடையின் பில். அந்த வாடிக்கையாளரிடம் ஒரு பிரமாணப் பத்திரம் கேட்டு வாங்குவது நல்லது.

பிறகு வக்கீல் நோட்டீஸ். மசியாவிட்டால் வழக்கு, அதுவும் மாவட்ட நீதிமன்ற அளவுக்குக் குறையாத நீதிமன்றத்தில். வழக்கோடு இடைக்காலத் தடை மனுவும் போக வேண்டும், ஏனென்றால் வழக்கு முடிய வருடங்கள் ஆகும், கடை பிழைப்பதும் சாவதும் அந்த இடைக்காலத்தில்தான். நீதிமன்றம் ஒரு வழக்கறிஞரை ஆணையராக அனுப்பி, புதுக்கடையின் போர்டையும் கவரையும் பார்த்துப் படத்தோடு அறிக்கை தரச் சொல்லலாம். இதையெல்லாம் தெரிந்தும் இரண்டு மூன்று வருடம் சும்மா இருந்துவிட்டுப் போனால், இத்தனை நாள் என்ன செய்தீர்கள் என்று நீதிபதி கேட்பார். அதற்குப் பதில் சொல்வது சிரமம்.

இப்படிப்பட்ட வழக்கு சமரசத்திலும் முடியலாம். போர்டின் நிறம் மாறும், 'கோமதி' போய் வேறொரு பெயர் வரும், கூகுள் மேப்பில் இருக்கும் பெயரும் மாறும். பேரம் இழுபடும் இடம், புதுக்கடைக்காரர் மொத்தமாக அச்சடித்து வைத்துவிட்ட பார்சல் கவர்கள். தீரும்வரை ஓட்டிக்கொள்ளட்டுமா, அவகாசம் எத்தனை நாள், அதுவரை பழைய பெயர்மேல் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டுமா என்பதையெல்லாம் உட்கார்ந்து பேசித்தான் எழுதிக்கொள்வார்கள்.