அனிமேஷன் குறும்படத்துக்கு கிரவுட்ஃபண்டிங்: 'எப்போ ரிலீஸ்?' என்பதை எப்படி எழுதுவது?

2020-ல் ஆஸ்கர் வென்ற 'ஹேர் லவ்' அனிமேஷன் குறும்படம், 2017-ல் கிக்ஸ்டார்ட்டரில் 75,000 டாலர் கேட்டு 2.8 லட்சத்துக்கும் மேல் திரட்டியது. படம் திரைக்கு வந்தது 2019-ல்தான்.

அனிமேஷனுக்கு ஏன் இவ்வளவு நாள்? கையால் வரையும் 5 நிமிடப் படத்துக்கு, நொடிக்கு 12 ஓவியம் வீதம் 3,600 ஓவியங்கள் வேண்டும். ஒருவர் நாளுக்கு 15 வரைந்தாலே 240 வேலை நாட்கள். வண்ணம், இசை, ஒலிச் சேர்ப்பு தனி. அப்புறம் 'ஆறு மாசத்துல படம்' என்று எழுதினால் சிக்கல்தான். 'ஸ்டோரிபோர்டு முடிந்துவிட்டது, படம் முடிய ஒன்றரை வருஷம் ஆகும்' என்று எழுதினால் பணம் தருபவருக்கு நிலவரம் புரியும்.

காத்திருப்பவர்களுக்கு ஸ்டோரிபோர்டு பிடிஎஃப்-ஐயே முதல் பரிசாகக் கொடுக்கலாம். டி-ஷர்ட் என்றால் தைக்கிற செலவோடு தபால் செலவையும் இலக்குத் தொகையில் சேர்க்கணும். இல்லாவிட்டால் படத்துக்கான பணம் கூரியருக்குப் போய்விடும்.