கப் சரியா? தண்ணீர் சொல்லும்!

கேக் கல்லாகிப்போனால் அவனைத் திட்டும் முன் மெஷரிங் கப்பைப் பாருங்கள். மைதாவை ஸ்பூனால் தளர்வாக நிரப்பினால் ஒரு கப் சுமார் 120 கிராம். அதையே அமுக்கி அள்ளினால் 150-ஐத் தொடும். அதனால் மாவுக்கு டிஜிட்டல் தராசே நல்லது. பாத்திரத்தின் எடையும் சேரும் என்பதால் 5 கிலோ வரை தாங்குவதாக வாங்குங்கள். ஒரு கிராம் துல்லியம் போதும். ஈஸ்ட்டுக்கு மட்டும் டீஸ்பூன்தான்.

கப் எவர்சில்வரில் இருக்கட்டும். பிளாஸ்டிக்கில் மஞ்சள் கறை லேசில் போகாது. கடைகளில் 240, 250 மில்லி இரண்டும் கிடைக்கும். காலிக் கப்பைத் தராசில் வைத்து, ‘டேர்’ பட்டனை அழுத்தி, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றுங்கள். 240 மில்லி கப் ஏறக்குறைய 240 கிராம் காட்ட வேண்டும். 225 காட்டினால் தப்பு கப்பிலா, தராசிலா? பத்து ரூபாய் நாணயங்கள் பத்தை வையுங்கள். 77 கிராம் வந்தால், மாற்ற வேண்டியது கப்பைத்தான்.