அளவு ஒன்றுதான், வெட்டு வேறு

ஜட்டி தொடையிடுக்கில் அறுத்தால் பெரும்பாலான பெண்கள் அடுத்த முறை ஒரு அளவு பெரிதாக வாங்குகிறார்கள். எல் போட்டவர் எக்ஸ்எல்லுக்குப் போகிறார். இடுப்பு தொளதொளவென்று ஆகிறது, நடக்கும்போது நழுவுகிறது, பின்னால் துணி மடிந்து சேர்கிறது. ஆனால் தொடையில் விழும் தடம் பெரும்பாலும் அப்படியேதான் இருக்கிறது. அங்கே தப்பு அளவில் இல்லை, வெட்டில் இருக்கிறது.

முதலில் அளவு. ஜட்டிக்கு முக்கியமான அளவு பாவாடை நாடா கட்டுகிற இடம் அல்ல. பின்புறம் நன்றாகப் புடைத்திருக்கும் இடத்தின் சுற்றளவுதான் கணக்கு. பெட்டியில் ‘ஹிப்’ என்று போட்டிருப்பதும், தையல்காரர் ‘சீட்’ என்று சொல்வதும் இதைத்தான். இடுப்பிலிருந்து ஏறக்குறைய ஒரு சாண் கீழே வரும். கால்களைச் சேர்த்து நின்று, இஞ்ச் டேப்பை இறுக்காமல் சுற்ற வேண்டும். டேப் பின்னால் இறங்கிவிடுவது சகஜம், அதனால் கண்ணாடியில் பக்கவாட்டில் பார்த்து, தரைக்குச் சமமாக இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். சென்டிமீட்டரில் குறித்துக்கொண்டால் நல்லது. நம் கடைகளில் 85, 90, 95, 100 என்று எண் போட்டு வருபவை சென்டிமீட்டர் கணக்குதான். எல் என்கிற எழுத்து நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் என்பதால், எழுத்தை நம்பாமல் பெட்டியின் பின்னால் உள்ள அட்டவணையைப் பாருங்கள்.

ஹிப்பை வைத்து அளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இடுப்பில் எலாஸ்டிக் இருக்கிறது, அது நாலைந்து சென்டிமீட்டர் வித்தியாசத்தைச் சமாளித்துவிடும். பின்புறத்தை மூட வேண்டிய துணிக்கு அந்த நெகிழ்வு குறைவு. அங்கே துணி போதவில்லை என்றால் அது நடுவே ஒதுங்கி உள்ளே போகும். அடிக்கடி இழுத்துவிட வேண்டியிருந்தால் முதலில் ஹிப் அளவைச் சரிபார்க்க வேண்டும்.

ஒரு பெண்ணுக்கு இடுப்பு 76, ஹிப் 98 என்று வைத்துக்கொள்வோம். அவர் வாங்கும் பெட்டியில் எல் என்றால் ஹிப் 95 முதல் 100 வரை. அவருக்குரிய அளவு அதுதான். இனி எல்லிலேயே மூன்று வெட்டுகளைப் பார்ப்போம்.

பிரீஃப் இடுப்பு வரை ஏறும், அல்லது சற்றே கீழே நிற்கும். பக்கவாட்டுத் தையல் நீளமாக இருக்கும், பின்புறத்தை முழுதாக மூடும். கால் எலாஸ்டிக் தொடையும் உடலும் சேரும் மடிப்பை ஒட்டியே ஓடும். தொடை பருத்தவருக்கு, உட்காரும்போது அந்த மடிப்பில்தான் சதை சேர்கிறது, எலாஸ்டிக்கும் அங்கேயே பதிகிறது. எக்ஸ்எல் வாங்கினால் வளையம் கொஞ்சம் பெரிதாகும், ஆனால் அது போகும் பாதை மாறாது.

பாதையை மாற்றுவது ஹை-கட். இதில் கால் திறப்பு இடுப்பெலும்பை நோக்கி மேலேறும், பக்கவாட்டுத் தையல் குட்டையாகிவிடும். எலாஸ்டிக் மடிப்பை விட்டு விலகி, சரிவாக மேலே போய்விடுகிறது. நம் 98 ஹிப் பெண்ணுக்கு வேண்டியது எக்ஸ்எல் பிரீஃப் அல்ல, எல் ஹை-கட். ஒரே குறை, பின்புறத்தின் ஓரங்களில் துணி சற்றுக் குறையும். ஒட்டிய பேன்ட் போட்டால் கோடு தெரியலாம்.

ஹிப்ஸ்டர் வேறு விஷயம். அதில் இறங்குவது இடுப்புப் பட்டை. இடுப்பில் நிற்காமல் இடுப்பெலும்பின் மீது நிற்கும், கால் திறப்பு தாழ்வாகவே இருக்கும். பட்டை உடலின் அகலமான இடத்தில் உட்காருவதால் இங்கே ஹிப் அளவு இன்னும் கண்டிப்பாகப் பொருந்த வேண்டும். சிறிதானால் பட்டை சதையைப் பிதுக்கும், பெரிதானால் பிடித்து நிற்க இடுப்பின் ஒடுக்கம் இல்லாததால் இறங்கிக்கொண்டே இருக்கும். புடவை கட்டுபவர்களுக்கு இதில் ஒரு பெரிய வசதி உண்டு. பாவாடை நாடாவும் ஜட்டி எலாஸ்டிக்கும் ஒரே இடத்தை இறுக்காது. முன்வயிறு உள்ளவர்களுக்கு பிரீஃபின் பட்டை உட்கார்ந்ததும் சுருண்டுகொள்ளும். வயிற்றுக்குக் கீழே நிற்கும் ஹிப்ஸ்டர் அவர்களில் பலருக்குச் சரியாக வரும். ஆனால் சிசேரியன் ஆனவர்கள் தையல் ஆறும் வரை ஹிப்ஸ்டரைத் தவிர்ப்பது நல்லது. அதன் பட்டை உரசுவது பெரும்பாலும் அந்தத் தழும்பின் அருகில்தான். இடுப்புக்கு மேல் ஏறும் பிரீஃப்தான் அப்போது சுகம்.

சரியாக இருக்கிறதா என்று பார்க்க, நின்று பார்த்தால் போதாது. சம்மணமிட்டு உட்காருங்கள், குனியுங்கள், இரண்டு படி ஏறுங்கள். பட்டைக்குள் இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும். கழற்றியதும் லேசான கோடு தெரிந்து சற்று நேரத்தில் மறைந்தால் பயமில்லை. பள்ளமாகப் பதிந்து, அரித்து, நாளடைவில் கறுத்தால் அது இறுக்கம். அந்தத் தடம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்: தொடையில் மட்டும் என்றால் வெட்டை மாற்றுங்கள், இடுப்பிலும் தொடையிலும் சேர்ந்தே என்றால் அளவை மாற்றுங்கள். இந்தச் சோதனையைப் புதிய ஜட்டியில்தான் செய்ய வேண்டும். பல மாதம் துவைத்து எலாஸ்டிக் தளர்ந்ததை வைத்து அளவைக் கணக்கிட்டால், அடுத்து வாங்குவது சிறிதாகப் போய்விடும்.