ஜெயித்தது ஆட்டமா... அதிர்ஷ்டமா?

குட்டீஸ்... உங்களுக்கு ஒரு புதிர்!

ராஜபாளையத்தில் ஒரு பள்ளிக் கால்பந்து அணி. பக்கத்து ஊரான ஸ்ரீவில்லிபுத்தூரில் இன்னொரு பள்ளி அணி. இரண்டுமே நம் கற்பனை அணிகள்தான். ஆளுக்கு ஐந்து போட்டிகள் ஆடி முடித்து விட்டார்கள் என்று வைத்துக் கொள்வோம்.

ராஜபாளையம் அணிக்கு நான்கு வெற்றி, ஒரு டிரா. 7 கோல் அடித்து, 2 கோல் மட்டுமே வாங்கியிருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் அணிக்கு ஒரே ஒரு வெற்றி, நான்கு தோல்வி. 3 கோல் அடித்து, 6 கோல் வாங்கியிருக்கிறது.

அடுத்த ஐந்து போட்டிகளில் எந்த அணி நன்றாக ஆடும்? ஒரு டப்பா பால்கோவா பந்தயம்!

"இதிலென்ன சந்தேகம், ராஜபாளையம்தான்" என்கிறீர்களா? அவசரப்படாதீர்கள். கோல் கணக்கை மட்டும் பார்த்து முடிவு சொன்னால், பால்கோவா கை நழுவிப் போகலாம். கோலுக்குப் பின்னால் இன்னொரு கணக்கு ஒளிந்திருக்கிறது. ஆங்கிலத்தில் அதை, 'எக்ஸ்பெக்டட் கோல்ஸ்' என்பர். நாம், 'எதிர்பார்ப்பு கோல்' என்று சொல்வோமே!

மாங்காய் அடிக்கிற கணக்கு!

மாந்தோப்பில் கல் விட்டு மாங்காய் அடித்திருக்கிறீர்களா? கைக்கு எட்டுகிற தூரத்தில் தொங்கும் காயைக் குறி வைத்தால் பத்துக் கல்லில் நாலு காய் விழும். தெருவில் நின்று உச்சிக் கிளையைக் குறி வைத்தால், நூறு கல்லுக்கு மூன்று காய் விழுந்தாலே அதிசயம்.

கோலும் அப்படித்தான். கம்பத்துக்கு நேர் எதிரே, ஐந்து மீட்டருக்குள் நின்று உதைத்தால் கோல் முகப்பு விரிந்து தெரியும். பக்கவாட்டில் போய் நின்றால், பாதி சாத்திய கதவு மாதிரி அது குறுகி விடும். தூரம் போகப் போக கோல்கீப்பருக்குத் தாவ நேரம் கிடைக்கும். நடுவில் மறிக்கவும் ஆட்கள் வந்து விடுவர்.

பெரிய தொழில்முறைப் போட்டிகளின் வீடியோவைப் பார்த்து, ஒவ்வொரு உதையையும் குறித்து வைப்பதற்கென்றே ஆட்கள் இருக்கின்றனர். எந்த இடத்தில் இருந்து உதைத்தார், காலாலா தலையாலா, பந்து எப்படி வந்தது என்று எல்லாமே பதிவாகும். இப்படி லட்சக்கணக்கான உதைகளைச் சேர்த்து வைத்துக் கொண்டு, 'இது போன்ற உதைகளில் முன்பு எத்தனை கோலாகின?' என்று எண்ணுகின்றனர்.

கிடைக்கும் விடை ஏறத்தாழ இப்படி இருக்கும். பெனால்டி உதை என்றால் 100-க்கு 75 முதல் 80 வரை கோலாகும். கம்பத்துக்கு மிக அருகில், நேர் எதிரே இருந்து உதைத்தால் 100-க்கு 40. பெனால்டி புள்ளி இருக்கும் பகுதியில், அதாவது 11 மீட்டர் தூரத்தில், ஆட்டத்தின் போக்கில் உதைத்தால் 15. அதே இடத்தில் தலையால் முட்டினால் 10. பெனால்டி கட்டத்துக்கு வெளியே இருந்து உதைத்தால் வெறும் 3.

நூற்றால் வகுத்தால் 0.40, 0.15, 0.10, 0.03 என்று வரும். இதுதான் அந்த உதையின் மதிப்பு. ஓர் அணியின் எல்லா உதைகளின் மதிப்பையும் கூட்டினால், அந்தப் போட்டியில் அதன் எதிர்பார்ப்பு கோல் ரெடி!

நோட்டை எடுங்கள்... கூட்டுவோம்!

நம் இரு அணிகளும் மோதின. ராஜபாளையம் 1-0 என்று ஜெயித்தது. உதைகளை எண்ணுவோமா?

ராஜபாளையம் அணி கட்டத்துக்கு வெளியே இருந்து 4 முறை உதைத்தது, 0.12. பெனால்டி புள்ளி அருகே ஒரு முறை, 0.15. மொத்தம் 0.27. வெளியே இருந்து உதைத்த நாலில் ஒன்று மூலையில் புகுந்து கோலானது.

ஸ்ரீவில்லிபுத்தூர் அணி மிக அருகில் இருந்து ஒரு முறை உதைத்தது, 0.40. பெனால்டி புள்ளி அருகே 3 முறை; 0.45. தலையால் ஒரு முறை, 0.10. வெளியே இருந்து 5 முறை; 0.15. மொத்தம் 1.10. ஆனால், கோல் பூஜ்யம்!

'1.10 கோல் எதிர்பார்த்தும் ஒன்று கூட இல்லையா, கணக்கு தப்பு' என்று நினைக்காதீர்கள். அந்தப் பத்து உதைகளும் தவறிப் போகும் வாய்ப்பைப் பெருக்கிப் பார்த்தால், 100-க்கு 28 வருகிறது. அதாவது, இதே உதைகளோடு நூறு போட்டிகள் நடந்தால், 28 போட்டிகளில் கோலே விழாது. ஒரு போட்டியில் இப்படி நடப்பது சாதாரணம்.

கிரிக்கெட்டில் ஓர் அணி 250, 300 ரன் எடுக்கிறது. ஒரு பவுண்டரி அதிர்ஷ்டத்தில் கிடைத்தாலும் பெரிதாக ஒன்றும் மாறாது. கால்பந்திலோ ஒரு போட்டிக்கு மொத்தமே இரண்டு, மூன்று கோல்தான். ஒரே ஒரு அதிர்ஷ்ட கோல் முடிவையே மாற்றி விடும். அதனால்தான் கோலை விட, கோல் வாய்ப்புகளை எண்ணுவது நல்ல அளவுகோலாக இருக்கிறது.

இப்போது ஐந்து போட்டிகளையும் இதே போல கூட்டுகிறோம். ராஜபாளையம் அடித்தது 7, எதிர்பார்ப்பு 3.5 மட்டுமே. வாங்கியது 2, எதிர்பார்ப்போ 6. ஸ்ரீவில்லிபுத்தூர் அடித்தது 3, எதிர்பார்ப்பு 7.5. வாங்கியது 6; எதிர்பார்ப்பு 4.

பார்த்தீர்களா? நல்ல வாய்ப்புகளை உண்டாக்கியது ஸ்ரீவில்லிபுத்தூர் அணி. இரண்டு அணிகளும் இதே மாதிரி தொடர்ந்து ஆடினால், அடுத்த ஐந்து போட்டிகளில் அதன் கையே ஓங்கும் என்று எதிர்பார்க்கலாம்.

இங்கே பலர் ஒரு தவறு செய்கின்றனர். 'இதுவரை அதிர்ஷ்டம் இருந்தது. இனி அதே அளவு துரதிர்ஷ்டம் வந்து கணக்கை நேர் செய்து விடும்' என்பர். அது சரியில்லை. அதிர்ஷ்டம், வட்டியோடு திருப்பிக் கேட்கும் கடன்காரன் அல்ல! ராஜபாளையம் ஏற்கனவே வாங்கிய புள்ளிகள் அதற்கே சொந்தம். இனிமேல் அதன் கோல்கள், 3.5-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும், அவ்வளவுதான்.

கடைசி இடத்தில் ஒரு நல்ல அணி!

இது வெறும் கற்பனைக் கணக்கா? இல்லை குட்டீஸ், ஜெர்மனியில் உண்மையாகவே நடந்திருக்கிறது.

டார்ட்மண்ட் நகரின் பொருஸியா அணி, 2011-லும் 2012-லும் ஜெர்மன் சாம்பியன். பயிற்சியாளர், யூர்கன் கிளாப். 2014-15 சீசனில் அந்த அணிக்கு என்ன ஆனதோ, தோல்வி மேல் தோல்வி! பாதி சீசனில், அதாவது 17 போட்டிகள் முடிந்தபோது, 4 வெற்றி, 3 டிரா, 10 தோல்வி. 18 அணிகளில் 17-வது இடம். பிப்ரவரி 2015-ல் கடைசி இடத்துக்கே போய் விட்டது. 'கிளாப்பின் கதை முடிந்தது' என்று பலர் பேசினர்.

ஆனால், கோல் வாய்ப்புகளை எண்ணியவர்களுக்கு வேறு காட்சி தெரிந்தது. டார்ட்மண்ட் நல்ல வாய்ப்புகளை நிறைய உண்டாக்கியது; பந்துதான் உள்ளே போகவில்லை. உதாரணத்துக்கு, செப்டம்பர் 2014-ல் மைன்ஸ் அணியிடம் 0-2 என்று தோற்ற போட்டி. டார்ட்மண்ட் ஒரு பெனால்டியைத் தவற விட்டது. தன் கோலுக்குள் தானே ஒரு பந்தையும் தள்ளி விட்டது!

அடுத்த பாதியில் அதே கிளாப், பெரும்பாலும் அதே வீரர்கள். 17 போட்டிகளில் 9 வெற்றி, 4 டிரா, 4 தோல்வி. அணி 7-வது இடத்துக்கு ஏறியது. காயமடைந்திருந்த வீரர்கள் திரும்பியதும் இதற்கு ஒரு காரணம்தான். ஆனால், அணி கெட்டுப் போகவில்லை என்பதை எண்கள் முன்பே சொல்லி விட்டன.

இங்கிலாந்தின் லிவர்பூல் அணியில், இயற்பியல் படித்த இயன் கிரஹாம் என்ற ஆய்வாளர் இருந்தார். அவருடைய கணக்குப்படி, அந்த சீசனில் டார்ட்மண்ட் இரண்டாம் இடம் பிடித்திருக்க வேண்டிய அணி! அக்டோபர் 2015-ல், கிளாப் லிவர்பூல் பயிற்சியாளரானார். சில வாரங்களில் கிரஹாம் அவரைச் சந்தித்து, அந்த மைன்ஸ் போட்டியைப் பற்றிப் பேசினார். 'இவரும் அந்தப் போட்டியைப் பார்த்திருக்கிறார் போல' என்றே கிளாப் நினைத்தார். ஆனால், கிரஹாம் அந்தப் போட்டியைப் பார்க்கவே இல்லை. எண்களை மட்டும்தான் பார்த்திருந்தார்! கிளாப் பயிற்சியில் லிவர்பூல், 2019-ல் ஐரோப்பிய சாம்பியனாகவும், 2020-ல் இங்கிலாந்து சாம்பியனாகவும் ஆனது.

எண்களும் ஏமாற்றும்... உஷார்!

இந்தக் கணக்கை அப்படியே நம்பி விடக் கூடாது. முதலில், ஒன்றிரண்டு போட்டிகளை வைத்து எதையும் சொல்ல முடியாது. நம் உதாரணத்தின் ஐந்து போட்டிகள் கூட குறைவுதான். பத்து, பதினைந்து போட்டிகளிலும் அதே வித்தியாசம் தெரிந்தால், அப்போது நம்பலாம்.

இரண்டாவது, முன்னிலையில் இருக்கிற அணி பெரும்பாலும் பின்வாங்கி, கோலைக் காத்து நிற்கும். எதிரணிதான் உதைத்துக் கொண்டே இருக்கும். அதைப் பார்த்து, 'ஜெயித்த அணி மோசம்' என்று சொல்லி விடக் கூடாது.

மூன்றாவது, வித்தியாசம் எல்லாமே அதிர்ஷ்டம் அல்ல. திறமையும் அதில் கலந்திருக்கும். லியோனல் மெஸ்ஸி பல ஆண்டுகளாக, எதிர்பார்ப்பை விட அதிக கோல் அடித்துக் கொண்டே இருந்தார். அதை அதிர்ஷ்டம் என்று யாராவது சொல்வார்களா?

இரண்டும் கலந்த கதை, இங்கிலாந்தின் பர்ன்லி அணியுடையது. 2017-18 சீசனில், அது எதிர்பார்ப்பை விட மிகக் குறைவாக, 39 கோல்களே வாங்கி 7-வது இடம் பிடித்தது. தடுப்பு வீரர்கள் கூட்டமாகப் பந்தின் முன் நின்றதும், கோல்கீப்பர் நிக் போப்பின் திறமையும் அதற்குக் காரணம் என்று பலர் சொன்னார்கள். அடுத்த சீசன் தொடங்கும்போதே போப் தோளில் காயமடைந்தார். பர்ன்லி 68 கோல்களை வாங்கி, 15-வது இடத்துக்கு இறங்கியது. எதிர்பார்ப்பை மீறிய வெற்றிக்கு எது காரணம் என்று தேடிப் பார்க்க வேண்டும். அந்தக் காரணம் நாளையும் களத்தில் இருக்குமா என்றும் கேட்க வேண்டும்.

நீங்களே செய்து பாருங்கள்!

உங்கள் பள்ளி அணி ஆடும்போது, ஒரு தாளில் மைதானத்தை வரைந்து கொள்ளுங்கள். ஒவ்வொரு உதைக்கும் அது நடந்த இடத்தில் ஒரு புள்ளி வையுங்கள். கோலானால் புள்ளியைச் சுற்றி வட்டம் போடுங்கள். தலையால் முட்டியதற்கு மட்டும் பெருக்கல் குறி.

மேலே சொன்ன மதிப்புகள், பெரிய வீரர்களின் ஆட்டத்தில் இருந்து வந்தவை. உங்கள் கோல்கீப்பரின் தலைக்கு மேல் நிறைய இடம் காலியாக இருக்குமே! எனவே, ஒரு சீசன் முழுக்கப் புள்ளி வைத்து, எந்தப் பகுதியில் எத்தனைக்கு எத்தனை கோலானது என்று நீங்களே வகுத்துப் பாருங்கள். உங்கள் மைதானத்துக்கு என்றே ஒரு பட்டியல் கிடைக்கும்.

பிறகு, உங்கள் அணி மூன்று போட்டிகளில் வரிசையாகத் தோற்றால், அழுவதற்கு முன் அந்தத் தாளை எடுத்துப் பாருங்கள். கம்பத்துக்கு அருகே புள்ளிகள் கொத்தாக இருக்கின்றனவா? அப்படியானால் ஆட்டத்தை மாற்றாதீர்கள். எல்லாப் புள்ளிகளும் எட்டாத தூரத்திலேயே சிதறிக் கிடக்கின்றனவா? அப்படியானால், தோல்விக்கு அதிர்ஷ்டத்தைக் குறை சொல்லாமல், நாளை காலைப் பயிற்சிக்குக் கிளம்புங்கள்!