அறபு இயைபும் தமிழ்ச் சொல்வரிசையும்: ‘அல்இக்லாஸ்’ இறுதி வசனத்தை முன்வைத்து

திருக்குர்ஆனின் குறும் அத்தியாயங்களில் வசன ஈற்றில் ஒத்த ஓசை வருதல் பெருவழக்கு. இதனை அறபு அறிஞர் ‘ஃபாஸிலா’ என்பர். தமிழ் யாப்பின் இயைபுத் தொடையோடு ஒருபுடை ஒப்பது. இவ்வோசைக்காகச் சொற்கள் இடம்பெயரும்போது, அப்பெயர்ச்சியைத் தமிழில் காக்க வேண்டுமா என்னும் வினா எழுகிறது. 112ஆம் அத்தியாயமான ‘அல்இக்லாஸ்’ கொண்டு இதனை இக்கட்டுரை ஆராய்கிறது.

நான்கு வசனங்களைக் கொண்ட இவ்வத்தியாயத்தின் ஈற்றுச் சொற்கள் அஹத், ஸமத், யூலத், அஹத் என்பன. இறைவனுக்கு நிகர் எவருமில்லை என்பது இறுதி வசனத்தின் பொருள். இயல்பான அறபு நடையில் எதிர்மறை வினையை அடுத்து எழுவாயான ‘அஹத்’ (ஒருவர்), பின்னர் ‘குஃபுவன்’ (நிகர்), அதன்பின் ‘லஹு’ (அவனுக்கு) வரும். இங்கோ வினை தன் இடத்தில் நிற்க, ஏனைய மூன்றும் தலைகீழாக அமைகின்றன.

இம்மாற்றம் முழுவதையும் ஓசைக்கே உரியதாக்க இயலாது. ‘லஹு’வைக் ‘குஃபுவன்’ என்பதன் பின்னே வைத்தாலும் ‘அஹத்’ ஈற்றில் நிற்கும்; இயைபு கெடாது. எனவே இயைபு வேண்டுவது ‘அஹத்’ ஈற்றில் நிற்பதை மட்டுமே. ‘லஹு’ முந்தியதற்குக் காரணம் வேறு. 1144இல் மறைந்த ஸமக்‌ஷரீ தம் ‘அல்கஷ்ஷாஃப்’ உரையில் இவ்வினாவை எழுப்பி, நிகர்மறுப்பு இறைவனைக் குறித்ததாகலின் அவனைச் சுட்டும் சொல்லே முதன்மை பெற்று முந்தியது என விடை கூறுகிறார்.

தமிழாக்கத்தில் மூன்று அமைப்புகளை ஒப்பிடலாம்:

1. ஒருவரும் அவனுக்கு நிகராக இல்லை.
2. இல்லை, அவனுக்கு நிகராக ஒருவரும்.
3. அவனுக்கு நிகராக ஒருவரும் இல்லை.

முதலாவது பொருளைத் தந்தாலும் ‘அவனுக்கு’ என்பதன் முதன்மையை இழக்கிறது. இரண்டாவது அறபு வரிசையை அப்படியே பின்பற்றுகிறது. ஆனால் மூலத்தில் இல்லாத அழுத்தத்தை ‘இல்லை’ பெறுகிறது. அறபில் வினை முன்வருதல் இயல்பு. தமிழிலோ அது பிறழ்ச்சி. மூன்றாவதில் வினை மட்டும் தமிழ் மரபுப்படி இறுதிக்குச் செல்ல, ஏனைய மூன்று சொற்களும் மூல வரிசையிலேயே நிற்கின்றன. கொண்டுகூட்டிப் பொருள்கொள்ளும் தேவையும் எழவில்லை.

எனினும் ஓர் இழப்பு எஞ்சுகிறது. முதல் வசன ஈற்றில் இறைவனின் ஒருமையைக் குறித்த ‘அஹத்’, இறுதி வசன ஈற்றில் எதிர்மறையோடு சேர்ந்து ‘எவரும்’ என்னும் பொருள் தருகிறது. ஒருமையை நாட்டிய சொல்லே நிகரை மறுக்கவும் வருகிறது. இவ்விடத்தில் இயைபு பொருளோடு பிணைந்துள்ளது. முதல் வசனத்தில் ‘ஏகன்’ என்றும் இறுதியில் ‘எவரும்’ என்றும் பெயர்த்தால் இப்பிணைப்பு அறுபடும். ‘ஒருவன்’, ‘ஒருவரும்’ எனப் பெயர்த்தால், ஈற்றோசை நீங்கினும் ‘ஒரு’ என்னும் அடி இரண்டையும் இணைக்கும்.

ஆகவே, மொழிபெயர்ப்பாளர் முதலில் சொல்லை இடம்மாற்றி இயைபு கெடுகிறதா எனச் சோதித்தல் வேண்டும். கெடாதவிடத்து அம்மாற்றம் பொருள் கருதியது. அதனைக் காத்தல் கடன். கெடுமிடத்தும் ஓசையே காரணம் என உடனே துணிதல் ஆகாது. ஓசையும் பொருளும் ஒரே இடத்தில் கூடுதல் உண்டு என்பதை ‘அஹத்’ காட்டுகிறது. அத்தகைய இடத்தில் சொல்லின் இடத்தைக் காக்க முடியாவிடினும், சொற்தேர்வால் பொருளைக் காக்கலாம்.