கைமாறும் கடிதம்

முதல் முதலீடு – தொடர்

2009 ஜனவரியில் பால் கிரஹாம் ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். அவர் அமெரிக்காவில் புதுத் தொழில்முனைவோருக்குச் சிறு தொகை கொடுத்துப் பயிற்சியும் தரும் ‘ஒய் காம்பினேட்டர்’ நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். கடிதம் போனது நியூயார்க்கைச் சேர்ந்த முதலீட்டாளர் ஃபிரெட் வில்சனுக்கு. ட்விட்டரில் தொடக்கத்திலேயே பணம் போட்ட ‘யூனியன் ஸ்கொயர் வென்ச்சர்ஸ்’ அவருடைய நிறுவனம்.

தன்னிடம் புதிதாகச் சேர்ந்த ஒரு குழு இப்போது உங்கள் ஊரில்தான் தன் வாடிக்கையாளர்களைச் சந்தித்துக்கொண்டிருக்கிறது, முடிந்தால் பாருங்கள் என்று அதில் எழுதியிருந்தார். நியூயார்க்தான் அவர்களுடைய பெரிய சந்தை என்றும், கையில் காசில்லாத நாளில் காலை உணவு தானியத்தை டப்பாவில் அடைத்து விற்றுச் சமாளித்த கதையை மறக்காமல் கேளுங்கள் என்றும் சொன்னார். ஈபே அளவுக்கு இது வளராது என்று சொல்லக் காரணம் எதுவும் இல்லை என்றும் சேர்த்தார். சில வரிகள்தான். அந்தக் குழு, இன்று ஏர்பிஎன்பி என்று நாம் அறிந்த நிறுவனம்.

சந்திப்பு நடந்தது. பணம் வரவில்லை. வரவேற்பறைத் தரையில் காற்று மெத்தை விரித்துப் படுப்பதுதான் நாளைய ஹோட்டல் அறை என்பதைத் தங்களால் ஏற்க முடியவில்லை என்று 2011இல் வில்சனே வெளிப்படையாக எழுதினார். அந்தத் தானிய டப்பா ஒன்றைத் தன் அலுவலகக் கூட்ட அறையில் நினைவுக்காக வைத்திருப்பதாகவும் சொன்னார்.

கிரஹாமின் கடிதத்துக்குச் சில மாதங்கள் முன்பு, 2008 ஜூனில், நண்பர் மைக்கேல் சைபல் மூலம் அதே குழு ஏழு முதலீட்டாளர்களுக்கு அறிமுகமானது. நிறுவனத்தில் 10 சதவீதப் பங்கு, விலை 1,50,000 டாலர். ஐந்து பேர் மறுத்தார்கள், இரண்டு பேர் பதிலே போடவில்லை. அந்த மறுப்புக் கடிதங்களை 2015இல் நிறுவனர் பிரையன் செஸ்கி பெயர்களை மறைத்து வெளியிட்டார். படித்தால் தெரியும், நல்ல அறிமுகம்கூட எல்லாக் கதவையும் திறப்பதில்லை.

கிரஹாமின் கடிதத்தில் நான் கவனிப்பது ஒன்றைத்தான். அதை எழுதியவர் நிறுவனர் இல்லை. முதலீட்டாளரின் மேஜைக்குப் போய்ச் சேரும் செய்தி பெரும்பாலும் இப்படி இன்னொருவர் கை வழியாகத்தான் போகிறது. நீங்களே நேராக அனுப்பினாலும் அவர் அதைத் தன் உதவியாளருக்கோ, துறை தெரிந்த நண்பருக்கோ தட்டிவிடுவார். “இது என்னன்னு கொஞ்சம் பாருங்க” என்ற ஒரு வரியோடு அது கைமாறும்போது விளக்கம் சொல்ல நீங்கள் அங்கே இருக்க மாட்டீர்கள். ஆகவே உங்கள் கடிதத்தை அந்த இரண்டாவது ஆளுக்காக எழுத வேண்டும்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொண்டு பார்ப்போம். நிறுவனமும் எண்களும் கற்பனை, தொழில் நிஜமானது. திருப்பூரில் இரண்டு பேர். ஒருவர் சர்க்குலர் நிட்டிங் மெஷின் சர்வீஸில் எட்டு ஆண்டு இருந்தவர், மற்றவர் கேமரா மென்பொருள் எழுதுபவர். மெஷினில் ஓர் ஊசி ஒடிந்தால் துணியில் நீளக் கோடு விழ ஆரம்பிக்கும். ஆப்பரேட்டர் பல மெஷின்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் கண்ணில் படுவதற்குள் ஒரு ரோல் துணி செகண்ட்ஸுக்குப் போய்விடும். இவர்கள் செய்த கருவி கோட்டைக் கேமராவில் பிடித்து மெஷினை நிறுத்திவிடும்.

இவர்கள் முதலில் எழுதும் கடிதம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் முக்கால்வாசிக் கடிதங்கள் அப்படித்தான் இருக்கின்றன. உலக ஜவுளிச் சந்தை எத்தனை லட்சம் கோடி என்று தொடங்கும். ‘புரட்சிகரமான’, ‘செயற்கை நுண்ணறிவால் இயங்கும்’, ‘முழுமையான தீர்வு’ என்று மூன்று பத்தி ஓடும். கடைசியில் “79 மெஷின்களில் பொருத்தியுள்ளோம், இரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால் விவரம் தருகிறோம்” என்று முடியும். நாற்பது பக்கக் கோப்பு ஒன்று இணைப்பாக வரும்.

இரகசிய ஒப்பந்தம் கேட்பது அந்த இடத்திலேயே கதவைச் சாத்திவிடும். வாரத்துக்குப் பத்து நிறுவனங்களைப் பார்க்கிறவர் முதல் பேச்சுக்கு முன் எதிலும் கையெழுத்துப் போட மாட்டார். உண்மையிலேயே மறைக்க வேண்டியது இருந்தால் அதை எழுதாமல் விட்டால் போதும். கருவி என்ன செய்கிறது என்பதைச் சொல்லலாம், எப்படிச் செய்கிறது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த 79 என்ற எண்ணைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். அது பொய் இல்லை. இன்றுவரை பொருத்திய மொத்தக் கணக்கு அது. ஆனால் அதில் 11 மெஷின்கள் இலவசச் சோதனையில் இருக்கின்றன. இன்னும் 4 மெஷின்களில் பஞ்சுத் தூசி கேமராவை மூடியதால், கருவியைக் கழற்றி வையுங்கள் என்று உரிமையாளர் சொல்லிவிட்டார். வாடகை வருவது 64 மெஷின்களிலிருந்துதான். முதலீட்டாளர் கேட்கும் முதல் கேள்வி “இதில் எத்தனை பேர் காசு கொடுக்கிறார்கள்?” என்பதாகத்தான் இருக்கும். நேரில் அப்போது 64 என்று இறங்கினால், கடிதத்தில் இருந்த மற்ற எண்கள் மீதும் சந்தேகம் விழும். போதாக்குறைக்குத் திருப்பூர் நிட்டிங் தொழிலில் ஒருவரை ஒருவர் தெரியும். முதலீட்டாளர் யாராவது ஒரு நிட்டிங் யூனிட்காரருக்குப் போன் போட்டால் கழற்றிய கதை ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிடும்.

இதே வகையில் ஏமாற்றும் எண்கள் வேறு சிலவும் உண்டு. புரிந்துணர்வு ஒப்பந்தத்தை ஆர்டர் என்று எழுதுவது ஒன்று. தளத்தின் வழியாக ஓடும் மொத்த வியாபாரத்தைத் தன் வருமானம் என்று காட்டுவது இன்னொன்று. கமிஷன் ஐந்து சதவீதம் என்றால் வருமானமும் அந்த ஐந்துதான்.

திருத்திய கடிதம் இப்படி இருக்கலாம். வழக்கத்தில் இவை ஆங்கிலத்தில்தான் போகின்றன. இங்கே தமிழில் தருகிறேன்.

பொருள்: திருப்பூர் – நிட்டிங் மெஷினில் துணிக் குறை பிடிக்கும் கருவி – 64 மெஷின்கள் வாடகையில்

“வணக்கம் சார். நிட்டிங் மெஷினில் ஊசி ஒடிந்தால், ஆள் கவனிப்பதற்குள் ஒரு ரோல் துணி வீணாகிறது. எங்கள் கேமரா கருவி கோடு விழுந்ததும் மெஷினை நிறுத்துகிறது. இன்று 9 யூனிட்களில் 64 மெஷின்கள் மாதம் 1,800 ரூபாய் வாடகை தருகின்றன. ஆறு மாதம் முன்பு 15 மெஷின்கள். ஒரு யூனிட்டில் தூசிப் பிரச்சினையால் 4 கருவிகளைக் கழற்றினோம். புதிய மூடி போட்டு இப்போது சோதிக்கிறோம். ஒரு கருவி செய்ய 18,000 ரூபாய் ஆகிறது. எங்களில் ஒருவர் எட்டு ஆண்டு நிட்டிங் மெஷின் சர்வீஸ் பார்த்தவர், மற்றவர் கேமரா மென்பொருள் எழுதுபவர். பதினெட்டு மாதத்தில் 400 மெஷின்களுக்குப் போக 75 லட்சம் ரூபாய் திரட்டுகிறோம். நீங்கள் ஜவுளி இயந்திரத் துறையில் முன்பே முதலீடு செய்தவர் என்பதால் எழுதுகிறேன். அடுத்த செவ்வாய் அல்லது வியாழன் இருபது நிமிடம் பேச முடியுமா? ஒரு பக்கச் சுருக்கம் இணைத்திருக்கிறேன்.”

இதைப் படிப்பவர் தானே கணக்குப் போட்டுக்கொள்வார். 64ஐ 1,800ஆல் பெருக்கினால் மாதம் 1,15,200 ரூபாய். கருவியின் செலவு பத்து மாத வாடகையில் திரும்பி வருகிறது. இன்னும் 336 கருவிகளுக்குச் சுமார் 60 லட்சம், மீதி 15 லட்சம் ஆட்களுக்கு. கேட்கும் தொகைக்கும் சொல்லும் வேலைக்கும் பொருத்தம் இருக்கிறது என்பது விளக்கம் இல்லாமலே தெரிந்துவிடுகிறது. கழற்றிய 4 கருவிகளைத் தானாக ஒப்புக்கொண்டது வலுவைக் குறைக்கவில்லை. மற்ற எண்களை நம்ப அதுதான் காரணமாகிறது.

நிறுவனத்தின் மதிப்பு எவ்வளவு, எத்தனை சதவீதம் தருவோம் என்பது கடிதத்தில் இல்லை. அதை நான் வேண்டுமென்றே விட்டேன். முதல் கடிதத்திலேயே விலை சொன்னால், அதிகம் என்று தோன்றியவர் சந்திக்காமலே விலகிவிடுவார். குறைவாகச் சொல்லியிருந்தால் பிறகு ஏற்ற முடியாது. கடிதம் கேட்பது இருபது நிமிடத்தை மட்டும்தான்.

யார் வழியாக அனுப்புவது? அந்த முதலீட்டாளரிடம் ஏற்கெனவே பணம் வாங்கித் தொழில் நடத்துகிற இன்னொரு நிறுவனர் கிடைத்தால் அதைவிட நல்ல வழி இல்லை. அவரிடம் “அறிமுகம் செய்து வையுங்கள்” என்று மட்டும் சொல்லி அவரையே எழுத வைக்கக் கூடாது. மேலே உள்ள கடிதத்தை அப்படியே தனி அஞ்சலாக அவருக்கு அனுப்புங்கள். அவர் மேலே ஒரு வரி சேர்த்துத் தட்டிவிடுவார். அந்தப் பக்கம் சம்மதம் வந்த பிறகு இருவரையும் இணைப்பார். அறிமுகங்களில் ஆபத்தான ஒரு வகையும் உண்டு. உங்களிடம் முதலீடு செய்ய மறுத்த ஒருவர், “நான் இன்னொருவரைச் சொல்கிறேன்” என்று அனுப்பி வைப்பது. போகிற இடத்தில் முதல் கேள்வியே “அவர் ஏன் போடவில்லை?” என்பதாக இருக்கும்.

அனுப்புவதற்கு முன் அவர் முன்பு எதில் பணம் போட்டிருக்கிறார் என்று பார்த்துவிடுங்கள். இதே கருவியைச் செய்யும் போட்டியாளரிடம் அவருடைய பணம் இருந்தால் கடிதமே வேண்டாம். ஒரு வாரத்தில் பதில் இல்லையென்றால் ஒருமுறை நினைவூட்டலாம், ஆனால் சொல்லப் புதிதாக ஏதாவது இருக்க வேண்டும். “புதிய மூடி மூன்று வாரமாகத் தாங்குகிறது, கழற்றிய யூனிட் திரும்ப வாடகைக்கு எடுத்துக்கொண்டது” என்பது செய்தி. “என் முந்தைய அஞ்சலைப் பார்த்தீர்களா?” என்பது செய்தி இல்லை.

ஐந்நூறு முகவரிகளை எங்கிருந்தோ வாங்கி ஒரே கடிதத்தை எல்லோருக்கும் அனுப்புகிறவர்களுக்கு ஒரு சட்டச் செய்தி. பிரைவேட் லிமிடெட் நிறுவனம் தனிப்பட்ட முறையில் பங்கு விற்பதை 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 42ஆவது பிரிவு கட்டுப்படுத்துகிறது. முன்கூட்டியே அடையாளம் கண்ட நபர்களுக்குத்தான் பங்கு வழங்க முன்வரலாம். தகுதி பெற்ற நிறுவன முதலீட்டாளர்களும் பங்குரிமைத் திட்டத்தில் வரும் ஊழியர்களும் நீங்கலாக, ஒரு நிதியாண்டில் 200 பேருக்கு மேல் போகக் கூடாது. பொதுவில் விளம்பரம் செய்யவும் கூடாது. பேச நேரம் கேட்கும் கடிதம் வேறு, “இத்தனை ரூபாய்க்கு இத்தனை பங்கு, வாங்கிக்கொள்ளுங்கள்” என்ற கடிதம் வேறு. இரண்டாவது வகையைப் பட்டியல் போட்டு அனுப்பும் முன் உங்கள் கம்பெனி செக்ரட்டரியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

(தொடரும்)