எதிரொலி கேட்டால் கோளாறு யார் பக்கம்?

மதுரையில் ஒரு வீட்டில் நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறிக்க உறவுகள் கூடியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கூடத்து மேசையில் லேப்டாப். பக்கத்துச் சோபாவில் உட்கார்ந்திருக்கும் மாமாவின் கையில் செல்போன். இரண்டும் ஒரே வீடியோ அழைப்பில் இருக்கின்றன. மறுமுனையில் சிங்கப்பூரில் பெரியம்மா, டொரன்டோவில் அண்ணன். பெரியம்மா ஒரு வாக்கியம் பேசினால், அது அரை நொடி கழித்து அவர் காதிலேயே திரும்ப விழுகிறது. மதுரையிலிருந்து யோசனை பறக்கிறது: “பெரியம்மா, உங்க மைக்லதான் ஏதோ கோளாறு. கட் பண்ணிட்டுத் திரும்ப வாங்க.”

அவரும் வெளியேறித் திரும்ப வருகிறார். எதிரொலி அப்படியே இருக்கிறது. ஏனென்றால் கோளாறு அவர் பக்கம் இல்லை.

பெரியம்மாவின் குரல் இணையம் வழியாக மதுரைக்கு வந்து, அங்குள்ள ஸ்பீக்கரில் ஒலிக்கிறது. அதே அறையில் திறந்திருக்கும் மைக் அதைப் பிடித்துச் சிங்கப்பூருக்கே திருப்பி அனுப்புகிறது. மதுரைக்காரர்களுக்கு அவர் குரல் இயல்பாகவே கேட்கும். தாங்கள்தான் அதைத் திருப்பி அனுப்புகிறோம் என்பது தெரியாது. எதிரொலி கேட்பது ஒருவருக்கு, அதை உண்டாக்குவது இன்னொருவர். தன் குரல் தனக்கே திரும்பக் கேட்பவர் தன் மைக்கை நோண்டிப் பயனில்லை.

எந்த முனை என்று கண்டுபிடிப்பது எளிது. எதிரொலி கேட்பவரைத் தவிர மற்ற எல்லோரும் மியூட் செய்துகொள்ள வேண்டும். அவர் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே இருக்க, மற்றவர்கள் ஒவ்வொருவராக மைக்கைத் திறக்க வேண்டும். யார் திறந்ததும் எதிரொலி கிளம்புகிறதோ, அங்கேதான் ஸ்பீக்கரும் மைக்கும் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டிருக்கின்றன.

ஆனால் ஸ்பீக்கரும் மைக்கும் எல்லா லேப்டாப்பிலும் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கின்றன. அப்படியானால் ஒவ்வொரு அழைப்பிலும் எதிரொலி கேட்க வேண்டுமே? கேட்காததற்குக் காரணம், எதிரொலி நீக்கி என்ற மென்பொருள். இதன் வேர் செயற்கைக்கோள் தொலைபேசிக் காலத்தில் இருக்கிறது. 1965-இல் ஏவப்பட்ட ‘ஏர்லி பேர்ட்’ செயற்கைக்கோள் பூமியிலிருந்து ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நின்றது. பேச்சு மேலே போய்க் கீழே இறங்கி, தொலைபேசிக் கம்பி இணைப்பில் மோதித் திரும்பி வருவதற்கு அரை நொடி ஆகும். அந்தத் தாமதத்தோடு தன் குரலே காதில் விழுந்தால் யாருக்கும் பேச்சு தடுமாறும். அதுவரை இருந்த கருவிகள், ஒருவர் பேசும்போது மற்றவர் பாதையை அடைத்துச் சமாளித்தன; அதனால் வார்த்தைகள் வெட்டுப்பட்டன. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வேறு வழி பிறந்தது. அங்கே பணியாற்றிய, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் படித்த மான் மோகன் சோந்தி, தானே கற்றுக்கொண்டு எதிரொலியைக் கழிக்கும் முறையை 1967-இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்.

இன்றைய லேப்டாப்பும் செல்போனும் செய்வது அதே வேலைதான். ஸ்பீக்கருக்கு என்ன ஒலியை அனுப்பினோம் என்பது மென்பொருளுக்குத் தெரியும். அது சுவரில் பட்டு, எவ்வளவு தாமதமாக, எவ்வளவு மங்கலாக மைக்குக்கு வந்து சேருகிறது என்று அளந்து, அந்தப் பங்கை மைக்கின் ஒலியிலிருந்து கழித்துவிடுகிறது. மிஞ்சுவது அறையில் இருப்பவரின் குரல்.

இந்தக் கழித்தல் கணக்கு தவறுகிற இடங்கள் உண்டு. ஸ்பீக்கரை உச்ச சத்தத்தில் வைத்தால் சின்ன ஸ்பீக்கர்கள் ஒலியைச் சிதைக்கும். அனுப்பிய ஒலி ஒன்று, வெளியே வந்தது வேறொன்று என்றானபின் கழிப்பது முழுதாக அமையாது. சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தாலே எதிரொலி அடங்குவது இதனால்தான். லேப்டாப்பை வேறு இடத்துக்கு நகர்த்தினாலும் ஒலியின் பாதை மாறும். மென்பொருள் புதிதாகக் கற்றுக்கொள்ளும்வரை சற்று எதிரொலி கசியும்.

மதுரை வீட்டில் நடப்பது இவற்றைவிடப் பெரிய சிக்கல். லேப்டாப்பின் மென்பொருளுக்குத் தன் ஸ்பீக்கரில் ஒலிப்பது மட்டுமே தெரியும். மாமாவின் செல்போன் ஸ்பீக்கரில் வரும் பெரியம்மாவின் குரல், அதைப் பொறுத்தவரை அறையில் யாரோ ஒருவர் பேசுவது. ஆகவே அதைக் கழிக்காமல் மரியாதையாகச் சிங்கப்பூருக்கு அனுப்பிவைக்கிறது.

ஒரே அறையில் இரண்டு கருவிகள் இருந்தால் எதிரொலியோடு நிற்பதில்லை, ஊளையும் வரும். லேப்டாப் மைக்கில் நுழைந்த ஒலி இணையம் சுற்றி மாமாவின் போனில் ஒலிக்கும். அது மறுபடி லேப்டாப் மைக்கில் நுழையும். ஒவ்வொரு சுற்றிலும் ஒலி இரண்டு மடங்கானால் பத்துச் சுற்றில் ஆயிரம் மடங்கைத் தாண்டும். ஒரு சுற்றுக்கு மூன்றில் ஒரு நொடி என்றால், மூன்றே நொடியில் ‘கீ’ என்று கூடமே அலறும். மாறாக ஒவ்வொரு சுற்றிலும் ஒலி பாதியாகக் குறைந்தால் தானாகத் தேய்ந்து மறையும். அதனால்தான் போனை நாலு அடி தள்ளி வைத்ததும் ஊளை சட்டென்று நின்றுபோகிறது. டென்மார்க் இயற்பியலாளர் சோரன் லார்சனின் பெயரால் இதை லார்சன் விளைவு என்று சொல்வதுண்டு.

இங்கே பலரும் செய்வது, மாமாவின் போனில் மைக்கை மட்டும் மியூட் செய்வது. அது போதாது. மேலே சொன்ன சுற்றில் போனின் மைக்குக்கு வேலையே இல்லை; லேப்டாப்பின் மைக்கும் போனின் ஸ்பீக்கரும்தான் சுற்றை முடிக்கின்றன. இரண்டாவது கருவியில் மைக்கோடு ஒலியையும் நிறுத்த வேண்டும். ஜூம் கணினிச் செயலியில் மைக் படத்தின் பக்கத்திலுள்ள அம்புக்குறியில் Leave Computer Audio என்பதைத் தேர்ந்தால் படம் மட்டும் இருக்கும், ஒலி விலகிவிடும். கூகுள் மீட்டில் Companion mode வழியாகச் சேர்ந்தால் மைக்கும் ஸ்பீக்கரும் இல்லாமலே உள்ளே போகலாம். மைக்ரோசாஃப்ட் டீம்ஸில் சேரும்போது Don't use audio என்ற தேர்வு இருக்கிறது. மாமா தன் போனில் இயர்போன் மாட்டிக்கொண்டு மைக்கை மியூட் செய்தாலும் சுற்று அறுந்துவிடும்.

அழைப்பில் சேருமுன்பே தன் குரல் தன் கணினி ஸ்பீக்கரில் கேட்டால் அது வேறு கதை. விண்டோஸில் மைக்கின் அமைப்புகளில் Listen to this device என்ற கட்டத்தில் டிக் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால், மைக்கின் ஒலியைக் கணினியே ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது. டிக்கை எடுத்தால் போதும்.

இணையத்தில் பாட்டும் வயலினும் கற்பிப்பவர்களுக்குத் தனிக் கவனம் தேவை. தம்பூரா போலச் சீராக ஒலிப்பதை இரைச்சல் என்று எண்ணி மென்பொருள் அமுக்கிவிடுவதால், அவர்கள் ஜூமில் Original sound for musicians என்பதைப் போட்டு, கூடவே எதிரொலி நீக்கத்தையும் அணைப்பதுண்டு. அந்த நிலையில் ஸ்பீக்கர் ஒலியைக் கழிக்க எதுவும் இல்லை. இரு பக்கமும் ஹெட்போன் கட்டாயம். ஆசிரியர் காதில் அவர் பாடியதே திரும்ப விழுந்தால், முதலில் ஹெட்போன் மாட்ட வேண்டியவர் மாணவர்தான்.